நான்கு நிமிடப் பேச்சு, ஒரு பக்கக் கடிதம்

உட்லண்ட்ஸில் வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் இருக்கும் சில மளிகைக் கடைகளுக்கு நான் கணக்கு பார்க்கிறேன். கணக்கோடு கடித வேலையும் சேர்ந்தே வரும். இதற்கு முன்பு சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். தாளில் ஒரு விவரம் விடுபட்டால் சரக்கு துறைமுகத்திலேயே கிடந்துவிடும் என்பதை அங்கே நேரில் பார்த்திருக்கிறேன். கடைக்காரர்கள் யாரும் எனக்கு எழுதி அனுப்புவதில்லை. கல்லாவில் நின்றபடி, வந்தவர்களுக்குச் சில்லறை கொடுத்தபடி, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார்கள். அந்தப் பேச்சிலிருந்து மொத்த வியாபாரிக்கு விலைப்புள்ளி கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். கடையில் அதற்குக் ‘கொட்டேஷன் லெட்டர்’ என்று பெயர்.

2023 செப்டம்பரில் வந்த ஒரு குரல் செய்தியை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. கடைக்காரர் என்னைவிட மூத்தவர், தஞ்சாவூர்ப் பக்கம். வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களும் வெளிநாட்டு ஊழியர்களும் அவருடைய வாடிக்கையாளர்கள். நான்கு நிமிடம் நீண்ட அந்தப் பேச்சின் முக்கியமான பகுதி இது:

“தம்பி, அந்த அரிசிக்காரங்களுக்கு ஒரு லெட்டர் எழுதணும்ப்பா. தீபாவளி வருதுல்ல. இட்லி அரிசி நூறு மூட்டை... நூறு வேணாம், வைக்க எடமில்ல, எண்பது போடு. அஞ்சு கிலோ பையி. இரும்மா வர்றேன், ரெண்டு வெள்ளி எழுபது காசு... ஆங், உளுந்து பத்து. உளுந்து போன தடவ ஒரே வண்டு தம்பி. மாத்தித் தரேன்னாங்க, இன்னிக்கு வரைக்கும் ஆளக் காணோம். அத நல்லா ஒறைக்கிற மாதிரி எழுதிவுடு. மொளகாயும் வேணும், நல்ல செவப்பா. அப்புறம் லாரிக்காரன் உச்சி வேளையில வந்து நிக்கிறான், கடையில கூட்டம், நான் யாரப் பாக்குறது? கீழ போட்டுட்டுப் போயிடுறான். இந்தியாவுல அரிசியே அனுப்ப மாட்டேங்கறாங்களாமே, வெலைய ஏத்திப்புடுவாங்க, அதையும் கேளு. பையி பதினோரு வெள்ளிக்கு மேல போனா எனக்குக் கட்டாது. காசு பழையபடிதான். வேற ரெண்டு எடத்துலயும் கேட்டுப் பாரு.”

முதல் முறை கேட்கும்போது பேனாவை எடுக்க மாட்டேன். அவர் எதற்காகக் கவலைப்படுகிறார் என்பது தெரிந்தால் போதும். அடுத்த முறை கேட்கும்போது ஒரு தாளை மூன்றாக மடித்துக்கொள்வேன். ஒரு பகுதியில் மொத்த வியாபாரிக்குப் போக வேண்டியதை எழுதுவேன். இன்னொன்றில் கடைக்காரரோடு நிற்க வேண்டியது. மூன்றாவதில் அவர் சொல்லாமல் விட்டது. பேச்சில் எண் மாறினால் பின்னால் சொன்னதே கணக்கு. இங்கே நூறு போய் எண்பது வந்துவிட்டது. ரெண்டு வெள்ளி எழுபது காசு எதிரே நின்ற அம்மாவின் கணக்கு. இது எளிது என்று தோன்றும். ஆனால் அரிசி விலையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இப்படி ஒரு தொகை குறுக்கே விழுந்தால், அது அரிசிக்கா, சில்லறைக்கா என்பதைக் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

எண்பது மூட்டை, ஐந்து கிலோ பை. இந்த இரண்டும் சேர்ந்து நிற்காது. எண்பது பை என்றால் 400 கிலோ. ஆனால் ஐந்து கிலோ பைகள் நான்கை ஒரு வெளிச்சாக்கில் போட்டுத் தைத்து அனுப்பும் வழக்கமும் உண்டு. அப்படிப் பார்த்தால் 1,600 கிலோ. ஒன்றுக்கு நான்கு மடங்கு. இதை நானாக ஊகிக்கக் கூடாது, கடைக்காரரிடம் “எது அண்ணே?” என்று கேட்டாலும் பலன் குறைவு, “எப்பவும் வர்றதுதாம்ப்பா” என்பார். அதனால் போன முறை வந்த பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பில் வந்ததும் பாதி சிக்கல் தீர்ந்தது. அதில் இட்லி அரிசி, 4 பை கொண்ட சாக்கு, பை ஒன்றுக்குப் பத்தரை வெள்ளி என்று இருந்தது. உளுந்து தோல் நீக்கிய முழு உளுந்து, ஒரு கிலோ பாக்கெட், கார்ட்டனுக்கு இருபது. ‘காசு பழையபடி’ என்பதற்கும் விடை அதிலேயே கிடந்தது: பில் தேதியிலிருந்து 30 நாள் கடன். பழைய வியாபாரிக்குப் ‘பழையபடி’ புரியும். புதிதாகக் கேட்கப்போகும் இரண்டு பேருக்கு அது எதையும் சொல்லாது.

விலைப்புள்ளிக் கடிதத்துக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். ஒருவரையொருவர் அறியாத மூன்று வியாபாரிகள் இதைப் படித்து மூன்று விலை அனுப்பினால், அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியுமா? ஒருவர் பைக்கும், ஒருவர் சாக்குக்கும், இன்னொருவர் வரியைச் சேர்த்தும் விலை சொன்னால், கடைக்காரர் கடைசியில் யார் குறைவு என்று தெரியாமல் பழைய இடத்துக்கே போய்விடுவார். கடிதம் எழுதிய உழைப்பு வீண்.

இனி வண்டு. அவர் அதை உறைக்கும்படி எழுதச் சொன்னார். அந்தக் கோபம் நியாயமானது. பாக்கெட்டின் அடியில் மாவு போலத் தூசி படிந்து, உளுந்தில் ஊசித் துளைகள் விழுந்த படங்களை எனக்கு அனுப்பியிருந்தார். ஆனால் அதை விலைப்புள்ளிக் கடிதத்தில் எழுதக் கூடாது. அதே கடிதம் மற்ற இரண்டு பேருக்கும் போகிறது; அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல அது. பழைய வியாபாரியிடத்திலும் விலை போடுகிற ஆள் வேறு, திரும்பிய சரக்கைப் பார்க்கிற ஆள் வேறு. விலை போடுகிறவர் குறையைப் படித்தால், இந்தக் கடையில் தொல்லை வரும் என்று விலையில் கொஞ்சம் ஏற்றி வைப்பார். ஆகவே குறைக்குத் தனிக் கடிதம்: பில் எண், தேதி, எத்தனை பாக்கெட், படங்கள், அந்தத் தொகையைக் கழித்துத் தரும்படி ஒரு வரி. விலைப்புள்ளிக் கடிதத்தில் அதே வண்டு வேறு உருவத்தில் வந்தது. பொதியிட்ட தேதி சரக்கு வந்து சேரும் நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, பூச்சி கண்ட சரக்கை ஏழு நாளில் மாற்றித் தருவீர்களா என்பதை எழுத்தில் சொல்லுங்கள் என்று கேட்டோம்.

இந்த வேலையில் நான் கண்ட உண்மை இதுதான். கடைக்காரர் புலம்புகிற இடத்தில்தான் கடிதத்தின் நிபந்தனைகள் இருக்கின்றன. சரக்கின் பெயரையும் அளவையும் யார் வேண்டுமானாலும் பில்லைப் பார்த்து எழுதிவிடலாம். லாரிக்காரர் உச்சி வேளையில் வந்து நிற்கிறார் என்பது பில்லில் இருக்காது. அதை ‘வேலை நாட்களில் காலை 9.30 முதல் 11.30 வரை’ என்று மாற்ற வேண்டும். கீழே போட்டுவிட்டுப் போகிறார் என்பதும் வெறும் முறையீடு அல்ல. புளோக்கின் பின்புறத்தில் சரக்கு இறக்கும் இடத்துக்கும் கடைக்கும் நடுவே ஒரு நீண்ட நடைபாதை. அங்கே சாக்குகளை அடுக்கி வழியை மறித்தால் நகர மன்றத்திலிருந்து ஆள் வருவார்கள். கடையில் இருப்பது அவரும் அவர் மனைவியும் மட்டுமே. ஆகவே ‘கடைக்குள் இறக்கி அடுக்கும் கூலி விலையில் அடங்குமா, தனியா’ என்ற கேள்வி அவருக்குப் பெரிய கேள்வி. யாராவது ஒரு வியாபாரி குறைந்த விலை சொன்னால் முதலில் இந்த வரிக்கு என்ன பதில் என்றுதான் நான் பார்ப்பேன்.

அரிசித் தடையைப் பற்றி அவர் சொன்னதில் பாதி சரி. இந்தியா 2023 ஜூலை 20-இல் ஏற்றுமதிக்குத் தடை போட்டது பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கு. இட்லி அரிசி புழுங்கல் வகை. அதற்குத் தடை இல்லை. ஆனால் ஆகஸ்ட் 25 முதல் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தார்கள். எனவே சரக்கு கிடைக்காமல் போகாது, விலைதான் அசையும். இதை எப்படிக் கேட்பது? ‘விலை ஏறுமா’ என்று கேட்டால் எந்த வியாபாரியும் சந்தையைப் பொறுத்தது என்பார். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘நீங்கள் விலை சொல்லும் சரக்கு இப்போது கிடங்கில் இருப்பதா, இனி வரவேண்டியதா? இரண்டாம் தவணைக்கும் இதே விலையா? இல்லையென்றால் எந்தத் தேதி வரை இந்த விலை நிற்கும்?’ என்று கேட்டால் அவர் ஏதாவது ஒரு தேதியை எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் தவணை என்பது குரல் செய்தியில் இல்லை. வைக்க இடமில்லை என்று அவர் சொன்னதிலிருந்து பிறந்தது அது. எண்பது சாக்கையும் ஒரே நாளில் வாங்கினால் கடையின் பின்கட்டில் ஆள் நுழைய முடியாது. நான் போன் செய்து, ஐம்பது தீபாவளிக்கு முன்பும் முப்பது ஜனவரியிலும் எடுக்கலாமா என்று கேட்டேன். சரி என்றார். அங்கே இன்னொரு கணக்கு குறுக்கிட்டது. பொருள் சேவை வரி அப்போது 8 விழுக்காடு. 2024 ஜனவரி 1 முதல் 9. ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாததால் இவர் கடை அந்த வரிக்குப் பதிவு செய்யவில்லை. ஆகவே கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது, அது சரக்கின் அடக்க விலையிலேயே சேர்ந்துவிடும். டிசம்பர் கடைசியில் எடுத்தால் ஒரு விழுக்காடு மிச்சம். பழைய பில் விலைப்படி சாக்கு 42 வெள்ளி, முப்பது சாக்கு 1,260 வெள்ளி. மிச்சமாவது பன்னிரண்டு வெள்ளி அறுபது காசு. “அதுக்காக எடத்த அடைக்கணுமா, விடு தம்பி” என்றார். முடிவு அவருடையது. கடிதத்தில் நான் செய்ய வேண்டியதெல்லாம், வரியைச் சேர்க்காமல் விலையும் வரி தனியாகவும் காட்டும்படி கேட்பதுதான். அப்போதுதான் இரண்டு தவணையையும் ஒப்பிடலாம்.

மிளகாய்க்கு அளவே சொல்லவில்லை. நல்ல சிவப்பு என்றதோடு சரி. குண்டா நீட்டா, காம்போடா இல்லாமலா, எத்தனை கார்ட்டன் என்று மூன்று கேள்விகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பினேன். ஒரே செய்தியில் மூன்றையும் கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும் என்பதால் ஒவ்வொன்றாக அனுப்புவது என் பழக்கம். சிவப்பை எழுத்தில் அளக்க முடியாது. அதற்கு மாதிரி கேட்க வேண்டும். மாதிரி வந்தால் மிளகாயைக் காதருகே உலுக்கிப் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்திருந்தால் விதை சலசலக்கும். வளைத்தால் ஒடியாமல் தோல் போல மடங்குவது ஈரம் போகாத சரக்கு. பிளந்து பார்த்தால் சிலவற்றில் உள்ளே கறுத்துப் பூஞ்சை படிந்திருக்கும்.

பதினோரு வெள்ளி என்ற அவருடைய எல்லை மட்டும் என் தாளின் நடுப்பகுதியிலேயே நின்றது. கடிதத்தில் அதன் நிழல்கூட விழக் கூடாது. ‘நியாயமான விலையில்’, ‘எங்களால் அதிகம் தர இயலாது’ போன்ற வரிகளையும் நான் எழுதுவதில்லை. அவை விலையைக் குறைக்காது. கேட்கிறவர் அவசரத்தில் இருக்கிறார் என்பதைத்தான் காட்டிக்கொடுக்கும்.

மொத்த வியாபாரிகளின் அலுவலகங்கள் சிராங்கூன் சாலைப் பக்கம் இருந்தாலும் கடிதங்களைப் படித்து விலை போடுகிறவர்கள் எல்லாரும் தமிழர்கள் அல்லர். ஆகவே கடிதம் ஆங்கிலத்தில் போகும். அதற்கு முன்பு அதையே தமிழில் எழுதிக் கடைக்காரருக்குப் படித்துக் காட்டுவேன். அந்தத் தமிழ்ப் படி இது. மேலே கடையின் பெயர், முகவரி, யூஇஎன் பதிவு எண். இங்கே தொழில் கடிதங்களில் அந்த எண் இருந்தாக வேண்டும் என்பது சட்டம்.

11 செப்டம்பர் 2023

பொருள்: இட்லி அரிசி, உளுந்து, காய்ந்த மிளகாய் ஆகியவற்றுக்கு விலைப்புள்ளி வேண்டுதல்

ஐயா / அம்மையீர்,

உட்லண்ட்ஸில் சில்லறை மளிகைக் கடை நடத்திவருகிறோம். கீழ்க்காணும் சரக்குகளுக்கு உங்கள் விலைப்புள்ளியை 22 செப்டம்பர் 2023, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1. இட்லி அரிசி (புழுங்கல்), 5 கிலோ பை, 4 பை கொண்ட சாக்கு: மொத்தம் 80 சாக்கு (1,600 கிலோ). முதல் தவணை 50 சாக்கு, 2023 அக்டோபர் 9 முதல் 13-க்குள். இரண்டாம் தவணை 30 சாக்கு, 2024 ஜனவரி 3 முதல் 5-க்குள்.

2. தோல் நீக்கிய முழு உளுந்து, 1 கிலோ பாக்கெட், 20 பாக்கெட் கொண்ட கார்ட்டன்: 10 கார்ட்டன் (200 கிலோ). முதல் தவணையுடன்.

3. காய்ந்த நீட்டு மிளகாய், காம்பு நீக்கியது, 500 கிராம் பாக்கெட், 20 பாக்கெட் கொண்ட கார்ட்டன்: 4 கார்ட்டன் (40 கிலோ). முதல் தவணையுடன். விலைப்புள்ளியோடு ஒரு பாக்கெட் மாதிரி தேவை.

விலையைச் சாக்கு அல்லது கார்ட்டன் ஒன்றுக்கு, பொருள் சேவை வரி நீங்கலாகக் குறிப்பிட்டு, வரியைத் தனியே காட்டவும். வேறு அளவில் பொதியிட்ட சரக்கு மட்டுமே இருந்தால், ஒரு பையின் அல்லது பாக்கெட்டின் எடையைத் தெளிவாக எழுதவும்.

மேலும் இவற்றைத் தெரிவிக்கவும்: சரக்கு இப்போது கையிருப்பில் உள்ளதா; இரண்டாம் தவணைக்கும் இதே விலையா, இல்லையெனில் இந்த விலை எந்தத் தேதி வரை செல்லும்; பில் தேதியிலிருந்து 30 நாள் கடன் தர இயலுமா; கடைக்குள் இறக்கி அடுக்கும் கூலி விலையில் அடங்குமா.

சரக்கை வேலை நாட்களில் காலை 9.30 முதல் 11.30-க்குள் பெற்றுக்கொள்வோம். பொதியிட்ட தேதி, சரக்கு வந்து சேரும் நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். பூச்சி, ஈரம் அல்லது கிழிசல் கண்ட சரக்கை ஏழு நாட்களுக்குள் மாற்றித் தருவதற்கான உங்கள் விதிமுறையை எழுத்தில் தெரிவிக்கவும்.

இக்கடிதம் விலை விசாரணை மட்டுமே. சரக்குக்கான ஆர்டர் அல்ல.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்

அந்தக் கடைசி வரியை நான் எந்தக் கடிதத்திலும் விடுவதில்லை. அளவும் தேதியும் இவ்வளவு துல்லியமாக இருக்கும் ஒரு தாளை, பண்டிகை நெருக்கடியில் ஆர்டர் என்று எடுத்துக்கொண்டு ஒருவர் லாரியை அனுப்பிவிடலாம். மூன்று பேருக்குப் போன கடிதம். மூன்று லாரிகள் வந்தால் நடைபாதை தாங்காது.

தமிழ்ப் படியைப் படித்துக் காட்டியபோது அவர் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னார். வண்டைப் பற்றி ஏன் கோபமாக ஒன்றும் இல்லை என்று கேட்டார். தனிக் கடிதத்தைக் காட்டினேன், சமாதானமானார். காலை 9.30 என்றதும், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குப் பூ, காய்கறி வாங்க வருகிறவர்கள் அதிகம் என்றார். அதையும் ஆங்கிலக் கடிதத்தில் சேர்த்தேன். வாய்விட்டுப் படித்துக் காட்டியதால்தான் அந்த விவரம் வெளியே வந்தது.

மூன்று பதில்களும் வந்தன. பழைய வியாபாரி சாக்கு 43 வெள்ளி 20 காசு சொன்னார். 30 நாள் கடன், இறக்குகூலி உள்ளடக்கம். ஆனால் விலை முதல் தவணைக்கு மட்டும். இரண்டாமவர் 42 வெள்ளி. கையில் காசு, சரக்கை புளோக்கின் கீழே இறக்குவதோடு சரி. மூன்றாமவர் 43 வெள்ளி 60 காசு. இரண்டு தவணைக்கும் ஒரே விலை, 30 நாள் கடன், உள்ளே அடுக்கித் தருவோம், ஏழு நாளில் மாற்றித் தருவோம் என்று எழுத்தில். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் சாக்குக்கு ஒரு வெள்ளி அறுபது காசு வித்தியாசம், எண்பது சாக்குக்கு 128 வெள்ளி. கடைக்காரர் சிறிது நேரம் யோசித்துவிட்டு அரிசியையும் உளுந்தையும் மூன்றாமவரிடம் வாங்கினார். பை பத்து வெள்ளி தொண்ணூறு காசு, வரி தனி. வரியைச் சேர்த்தால் அவருடைய பதினோரு வெள்ளியைத் தாண்டியது. ஆனால் பழைய பத்தரை வெள்ளியும் வரி நீங்கலான விலைதான் என்பதைப் பில்லில் காட்டியதும் ஒப்புக்கொண்டார். மிளகாயைப் பழைய வியாபாரியிடமே வாங்கினார்; அங்கிருந்து வந்த மாதிரிதான் நன்றாகச் சலசலத்தது. வண்டு விழுந்த உளுந்துக்கான தொகையையும் அந்த மிளகாய் பில்லில் கழித்துக் கொடுத்தார்கள்.

உங்கள் அண்ணனோ மாமாவோ கடை வைத்திருந்து, இந்த வேலை உங்கள் தலையில் விழுந்தால், குரல் செய்தியோடு பழைய பில்லின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். அனுப்புவதற்கு முன்பு கடிதத்தை அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.